‘ஐ மிஸ் யூ’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

கயல்விழி:
ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். தாய் மகனுக்கு எழுதும் கடிதம் ‘ஐ மிஸ் யூ’ என்று முடிகிறது. ‘உன்னை இழந்து தவிக்கிறேன்’ என்றால் மகன் செத்துப்போனதுபோல் படுகிறது. ‘உனக்காக ஏங்குகிறேன்’ காதல் கடிதம் ஆகிவிடுகிறது. அவளோ அளந்து பேசுகிறவள். ஒரே வினைச்சொல் கிடைக்குமா?

நெடுமாறன்:
ஏன் இல்லை? ‘பிரிவாற்றாமை’! திருக்குறளின் 116ஆம் அதிகாரத்துக்குப் பெயரே அதுதான்.

கயல்விழி:
அது கணவனைப் பிரிந்த மனைவியின் துயரம். ‘எனக்குப் பிரிவாற்றாமையாக இருக்கிறது’ என்று எந்தத் தாய் எழுதுவாள்?

சாந்தி:
‘தவறவிட்டேன்’ என்று போடலாமே? பஸ்ஸைத் தவறவிட்டோம் என்றுதானே சொல்கிறோம்.

கயல்விழி:
பஸ் வேறு, பிள்ளை வேறு அம்மா!

பெனடிக்ட்:
நான் வெளியூர் போனால், ‘குழந்தை உன்னையே தேடுகிறாள்’ என்று வீட்டிலிருந்து சொல்வார்கள். அவள் எழுந்துபோய் எங்கும் தேடுவதில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்ப்பாள், அவ்வளவுதான். இந்த ‘தேடு’ சரிப்படாதா?

அரங்கநாதன்:
பெனடிக்ட் சொன்னதுதான் கிட்டத்தில் வருகிறது. ஆனால் சிறு பிள்ளை பெரியவர்களைத் தேடுவதற்கே அது இயல்பாகப் பொருந்துகிறது. வளர்ந்த மகனுக்கு ‘உன்னைத் தேடுகிறேன்’ என்று எழுதினால், அவன் காணாமல் போய்விட்டான் என்று வாசகர் நினைத்துவிடுவார். பழைய தமிழில் ‘புலம்பு’ என்றொரு சொல் இருந்தது. ‘புலம்பே தனிமை’ என்கிறது தொல்காப்பியம். இன்றைக்குப் புலம்பினால் குறைப்பாட்டுத்தான்.

ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய். தமிழில் இத்தகைய உணர்வுகளில் பல தாமாக வந்து நம்மைப் பிடிக்கின்றன: எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. பிரெஞ்சிலும் இந்த இடத்தில் பிரிந்திருப்பவரே எழுவாய். ஆகவே வினையைத் தேடாமல், யார் இல்லை, திரும்பி வருவாரா என்று பாருங்கள். இறந்தவர் என்றால் ‘அவர் இல்லாத குறை தெரிகிறது’ என்போம். அடுத்த மாதம் வரப்போகிறவனிடம் அதைச் சொன்னால் அபசகுனம். உயிரோடு தூரத்தில் இருப்பவனுக்கு: ‘நீ இல்லாமல் வீடு என்னவோ போல் இருக்கிறது.’ அளந்து பேசும் தாய்க்கு இதுவே தாராளம்.

கயல்விழி:
அருமை, ஆனால் ஒரு சிக்கல். மகன் பதிலில் அதே சொற்களைத் திருப்பிச் சொல்கிறான், ‘டூ’ மட்டும் சேர்த்து. அவன்தான் வீட்டிலேயே இல்லையே!

அரங்கநாதன்:
அப்படியானால் தாய் ‘உன் நினைவாகவே இருக்கிறது’ என்று எழுதட்டும். மகன் ‘எனக்கும் அப்படித்தான், அம்மா’ என்று முடித்துவிடலாம்.

நெடுமாறன்:
நினைவு வேறு, குறை வேறு ஐயா. மகிழ்ச்சியாகவும் ஒருவரை நினைத்துக்கொண்டிருக்கலாமே. இதில் அவன் இல்லாத வலி எங்கே?

அரங்கநாதன்:
அந்த ‘ஏ’காரத்தில் இருக்கிறது என்பேன். ‘உன் நினைவாக இருக்கிறது’, ‘உன் நினைவாகவே இருக்கிறது’ இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

நெடுமாறன்:
படித்தேன். பாதிதான் ஒப்புக்கொள்கிறேன்.