முடிந்த புரோஷர் ஸ்டைல் ஷீட்டோடு மோதுகிறது: வடிவமைப்பாளருக்கு என்ன குறிப்பு எழுதுவது?

மெய்ப்புமேசை கேட்டது:
நீரிழிவு விழிப்புணர்வுக்கான மூன்று மடிப்பு புரோஷர் ஒன்றை எங்கள் வடிவமைப்பாளர் இன்டிசைனில் முடித்துத் தந்திருக்கிறார். பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் ஸ்டைல் ஷீட்டில் உள்ள `Body_TA` ஸ்டைலைச் சற்றே மாற்றியபோது பாதிப் பத்திகள் மாறவில்லை, மாறியவை கலைந்தன. ஒரு பத்தியில் `Clear Overrides` கொடுத்ததும் "நீரிழிவு" என்ற சொல் `ePhpopT` என்று ஆகிவிட்டது. அவர் என்னைவிட அனுபவத்தில் மூத்தவர். எது தவறு, எப்படிச் சரிசெய்வது என்று அவர் மனம் கோணாமல் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எதை எழுதுவது?

அச்சுமை:
அந்த `ePhpopT` என்ற எழுத்துக்கோவையே உங்கள் குறிப்பின் முதல் வரியாக இருக்கட்டும், ஏனெனில் மற்ற எல்லாமே அதிலிருந்து தொடங்குகிறது. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட "நீரிழிவு". பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துருவின் முகம் மட்டுமே தமிழ். உங்கள் `Body_TA` ஸ்டைல் யூனிகோடு எழுத்துரு ஒன்றைக் கேட்கிறது. பழைய புரோஷரிலிருந்து உரையை எடுத்து ஒட்டிய அவர், ஸ்டைலைப் பெயரளவில் பொருத்திவிட்டு, அதன்மேல் பாமினியைக் கையால் போட்டிருக்கிறார். மேலே போட்ட அந்தச் சட்டையை நீங்கள் கழற்றியதும் உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிட்டது.

ஆகவே "உங்கள் புரோஷர் ஸ்டைல் ஷீட்டின்படி இல்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள், அதைப் படிப்பவர் "எங்கே இல்லை?" என்றுதான் கேட்பார். பத்தி ஸ்டைல் பலகத்தில் `Body_TA` என்ற பெயருக்குப் பக்கத்தில் `+` குறி தெரியும் ஒரு பத்தியைத் திரைப்பிடிப்பாக எடுத்து இணையுங்கள். அந்தக் கூட்டல் குறி, ஸ்டைலுக்கு மேல் கையால் ஏதோ செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான சான்று. பலகத்தின் மேற்பகுதியில் உள்ள `[a+]` குறியை அழுத்தினால் அத்தகைய இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறமிட்டுத் தெரியும். வாதத்துக்கு இடமில்லாமல் அந்தப் படமே பேசிவிடும்.

குறிப்பில் அடிக்கோடிட வேண்டியது வேலையின் வரிசை: முதலில் உரையை யூனிகோடுக்கு மாற்றுவது, பிறகு ஸ்டைலைச் சுத்தமாகப் பொருத்துவது. தலைகீழாகச் செய்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் ஆறு பக்கத்துக்கும் நேரும்.

கோடுவரி:
நான் இருபுறமும் வேலை பார்த்தவன் என்பதால் வடிவமைப்பாளருக்காகப் பேசுகிறேன். முடிந்துபோன, அச்சுக்குத் தயாரான ஒரு வேலையை எதற்காகப் பிரிக்க வேண்டும்? அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளடங்கிவிடுகிறது. காகிதத்தைப் படிக்கும் நோயாளிக்குப் பாமினியா யூனிகோடா என்பது தெரியப்போவதில்லை. பிடிஎஃப்பில் தேட முடியாது என்று சொல்வீர்கள். யூனிகோடில் செய்த தமிழ்ப் பிடிஎஃப்பிலிருந்து உரையை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி அதுவும் பல சமயம் உடைந்துதான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஸ்டைல் ஷீட் அனேகமாக ஆங்கில மூலத்திலிருந்து வந்திருக்கும். அப்படியென்றால் 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரி இடைவெளி இருக்கும். "விழுப்புண்" என்று ஒரு வரியில் வந்து, அதற்குக் கீழ் வரியில் "கீழ்" வந்தால், மேலே உள்ள ழுவின் வாலும் கீழே உள்ள கீயின் சுழியும் முட்டிக்கொள்ளும். வடிவமைப்பாளர் அதைக் கையால் விரித்தது தவறல்ல, கண் உள்ளவர் செய்யும் வேலை. மோதலுக்குக் காரணம் ஸ்டைல் ஷீட்; திருத்த வேண்டியதும் அதைத்தான்.

வலைநெசவு:
ஸ்டைல் ஷீட்டை மாற்றியும் பக்கம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் பழைய கோப்பு பிரவுசரின் கேஷில் தங்கியிருக்கும். கேஷை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். சில விதிகளில் `!important` சேர்த்திருந்தாலும் இப்படி நேரும்.

மெய்ப்புமேசை:
வலைநெசவு ஐயா, இது அச்சுப் புரோஷர், இணையப் பக்கம் அல்ல. கோடுவரி ஊகித்தது சரி: ஸ்டைல் ஷீட்டில் 10/12 என்றுதான் இருக்கிறது. புரோஷரில் சில பத்திகள் 14, சில 15, கடைசிப் பக்கத்தில் மட்டும் 12.5 என்று இருக்கின்றன.

அச்சுமை:
வரி இடைவெளியைப் பற்றிக் கோடுவரி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். 10/12 தமிழுக்குப் பற்றாது. ஆனால் அவர் சொல்லும் காரணம் அவருடைய முடிவுக்கு எதிராகவே நிற்கிறது. கண் உள்ளவர் விரித்தார் என்றால் ஏன் மூன்று அளவுகள்? கடைசிப் பக்கத்தில் உரை அடங்கவில்லை என்பதால் 12.5 ஆக இறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ழுவும் கீயும் முட்டக்கூடாது என்றுதான் விரித்தார் என்றால், மருந்து அளவும் தொலைபேசி எண்ணும் இருக்கும் அந்தப் பக்கத்தில்தான் இப்போது முட்டுகின்றன.

சரியான வழி இது: ஒரு பத்தியில் 15 என்று வைத்து, கர்சரை அதிலேயே நிறுத்தி, பலகத்தின் பட்டியலில் `Redefine Style` கொடுத்தால் ஸ்டைலே 10/15 ஆகிவிடும். அதே ஸ்டைலின் `Justification` பகுதியில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் யூனிகோடு உரை வந்ததும் கொம்புகள் தனித்தனியே நிற்கும், "இதற்குத்தான் பாமினியே மேல்" என்று அவர் சொல்லிவிடுவார். பாமினி இத்தனை காலம் நம் டிடிபி மேசைகளில் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிடிஎஃப் நகல் உடைவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பிடிஎஃப்புக்காகக் கேட்கவில்லை, மூலக் கோப்புக்காகக் கேட்கிறேன். அடுத்த ஆண்டு இதே உரையை இணையத்திலோ வாட்ஸ்அப்பிலோ போட வேண்டும் என்றால் `ePhpopT`-ஐ யார் திருப்பித் தட்டச்சு செய்வது?

மூன்றுமடிப்பு:
நான் அச்சகத்தில் இருப்பவன். என்னிடம் வந்த ஒரு புரோஷரில் உரையை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியிருந்தார்கள். முழுப் பக்கத்தையும் ஒரே வீச்சில் போட்டதால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த `HbA1c` என்பதும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறி, தட்டு எடுக்கும்வரை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் புரோஷரும் நீரிழிவு பற்றியது என்பதால் சொல்கிறேன். பாமினியில் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மூன்று பக்கமும் 99 மி.மீ. என்று வைத்திருந்தால் உள்ளே மடியும் தாள் முட்டி வளையும். A4 தாளின் 297 மி.மீ. நீளத்தை 100, 100, 97 என்று பிரித்து, உள்ளே மடிவதற்கு 97-ஐக் கொடுங்கள். மறுபுறத்தில் வரிசை தலைகீழாகும்.

மெய்ப்புமேசை:
99 தான் வைத்திருக்கிறார். ஸ்டைல் ஷீட்டில் 97 என்று இருக்கிறது. அதையும் சேர்த்துக் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன்:

"வணக்கம் அண்ணா. புரோஷரின் தோற்றம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, அதை மாற்றச் சொல்லவில்லை. உள்ளே ஒரு சிக்கல் இருக்கிறது. உரை பாமினியில் இருப்பதால் `Body_TA` ஸ்டைல் அதன்மேல் வேலை செய்யவில்லை. இணைத்துள்ள படத்தில் நிறமிட்ட இடங்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. முதலில் கோப்பை வேறு பெயரில் சேமித்து, இப்போதைய வடிவத்தை ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். பாமினித் துண்டுகளை மட்டும் யூனிகோடாக மாற்றி, வெறும் உரையாக ஒட்டி, `Body_TA`-ஐப் பொருத்துங்கள். அப்போது தடித்த எழுத்துகள் போய்விடும். அச்சிட்ட தாளைப் பார்த்து, கையால் தடிமனாக்காமல், எழுத்து ஸ்டைலால் அவற்றைத் திரும்பப் போட வேண்டும். வரி இடைவெளி 12 தமிழுக்குப் போதாது என்பது நீங்கள் கண்டுபிடித்தது. ஸ்டைலிலேயே 15 ஆக்கிவிடலாம். உள்ளே மடியும் பக்கத்தை 97 மி.மீ. ஆக்க வேண்டும்."

அச்சுமை:
நல்ல குறிப்பு. ஒரு வரி சேருங்கள். சில மாற்றிகள் "ரி" என்ற எழுத்தை, ர-வுக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு, "ாி" என்று தந்துவிடும். "ர்" அதேபோல் "ா்" ஆகிவிடும். பாமினியில் துணைக்காலும் ரி, ர் இரண்டின் உடலும் ஒரே விசையில் இருப்பதால் வரும் கோளாறு இது. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, "நீாிழிவு" என்பது "நீரிழிவு" போலவே நிற்கும். மாற்றி முடித்ததும் `Find/Change` பெட்டியில் "ாி", "ாீ", "ா்" மூன்றையும் தேடி, முறையே "ரி", "ரீ", "ர்" என்று மாற்றச் சொல்லுங்கள். அதன்பின் "நீரிழிவு" என்று தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள். அச்சிட்ட தாளில் எண்ணியதற்குக் குறைவாகக் கிடைத்தால் எங்கோ இன்னும் பழையது ஒளிந்திருக்கிறது.

கோடுவரி:
குறிப்பின் தொனியில் எனக்குக் குறையில்லை. கணக்கில்தான் குறை. பக்க உயரம் 210 மி.மீ., மேலும் கீழும் 10 விட்டால் 190, அதாவது ஏறத்தாழ 538 புள்ளி. 12.5 இடைவெளியில் 43 வரி அடங்கும், 15-இல் 35 வரிதான். கடைசிப் பக்கம் நிறைந்திருந்தால் எட்டு வரியை யார் வெட்டுவது? வடிவமைப்பாளர் வெட்டினால் அதிகப்பிரசங்கி என்பீர்கள், இறுக்கினால் ஸ்டைலை மீறினார் என்பீர்கள்.

மெய்ப்புமேசை:
வெட்டுவது என் வேலைதான், ஆனால் கடைசிப் பக்க உரை மருத்துவர் ஒப்புதல் கொடுத்தது. ஒரு சொல்லை எடுத்தாலும் அவரிடம் திரும்பப் போக வேண்டும்.

அச்சுமை:
அப்படியென்றால் எல்லாப் பக்கத்துக்கும் 9.5/14 என்று ஸ்டைலில் வைத்து ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். 38 வரி அடங்கும், எழுத்து சிறியதாவதால் வரிக்குச் சொற்களும் சற்றுக் கூடும். மிஞ்சும் ஓரிரு வரிக்கு மட்டும் மருத்துவரிடம் போகலாம்.

மூன்றுமடிப்பு:
நீரிழிவுக்காரர்கள், அதிலும் வயதானவர்கள், கையில் பிடித்துப் படிக்கப்போகும் தாளில் 9.5-ஆ? பார்வை மங்கியவர்களுக்குத்தானே இதை அச்சடிக்கிறீர்கள்! நான் 11-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

கோடுவரி:
11 என்றால் 16 இடைவெளி வேண்டும், 33 வரிதான் அடங்கும். அதற்கு மூன்று மடிப்பு போதாது, நான்கு மடிப்புக்குப் போக வேண்டும். அதை வடிவமைப்பாளருக்குக் குறிப்பு எழுதி முடிவு செய்ய முடியாது, செலவுக்கு ஒப்புதல் தருபவரிடம் கேளுங்கள்.

மெய்ப்புமேசை:
யூனிகோடு மாற்றத்துக்கும் 97 மி.மீ.க்கும் இன்றே குறிப்பை அனுப்பிவிடுகிறேன். எழுத்தளவு பற்றிய வரியை மட்டும் நிறுத்திவைத்து, 9.5, 10, 11 மூன்றிலும் கடைசிப் பக்கத்தை அச்சிட்டு மருத்துவரிடம் எடுத்துப் போகிறேன்.