முதலில் ராஜா எடுத்தும் தோற்றேன், எண்ணிக்கை எங்கே பிசகியது?

ரஷ்ய டிராஃப்ட்ஸ், 8×8 பலகை, ராஜா எவ்வளவு தூரமும் பாயலாம். நான் வெள்ளை: காய்கள் a5, g7. கறுப்பு: a7, b2. என் முறை. இருவருக்கும் ஒரே நகர்வில் ராஜா, முந்துவது நான்தான். g7-h8 ராஜா வைத்து b2-ஐயும் மிரட்டினேன். அவர் b2-a1 ராஜா. அப்புறம் எதைத் தொட்டாலும் போச்சு.
— மூலைக்காய்

a1-லிருந்து h8 வரை போகும் பெரிய மூலைவிட்டத்தில் ஒற்றை ராஜா நின்றால் மூன்று ராஜாக்களாலும் பிடிக்க முடியாது. எப்படியாவது அந்தக் கோட்டைப் பிடியுங்கள், அவ்வளவுதான்.
— பழைய ஆட்டக்காரன்

கோட்டைப் பிடித்ததுதானே வினையே! எதிரியும் அதே கோட்டின் மறுமுனையில் நின்றால் கதை வேறு. h8, a1 இரண்டும் முட்டுச்சந்து. அங்கிருந்து அந்தக் கோட்டில் மட்டுமே நகர முடியும், எந்தக் கட்டத்தில் நின்றாலும் எதிர் ராஜா வெட்டிவிடும். நகர வேண்டியவர் தோற்பார்.

a5-a7 காய்களும் அப்படித்தான். நீங்கள் a5-b6 என்றால் a7 வெட்டி c5-க்குப் போகும். அந்த வெட்டே அவருடைய நகர்வு என்பதால் முறை மறுபடி உங்களிடமே வரும், மிச்சம் ராஜா மட்டும். முந்தி ராஜா எடுத்தது இங்கே சாபம்.

நான் எண்ணும் விதம்: இரண்டு ராஜாக்களும் மூலையில் உட்கார்ந்தாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு, இழப்பில்லாமல் நகர்த்த யாருக்கு எத்தனை நகர்வு மிச்சம் என்று பார்ப்பேன். முறை உங்களுடையது என்றால் எதிரியைவிட ஒன்று கூடுதலாக வேண்டும். சமம் என்றால் தோல்வி. உங்கள் காய் a5-க்குப் பதில் b4-ல் இருந்திருந்தால் g7-h8, b2-a1, b4-a5! இப்போது திணறுவது அவர்.
— கட்டம்64

என் போன் ஆட்டத்தில் இப்படி வந்து மாட்டியதே இல்லையே? ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து சும்மா நிற்கிறது.
— சாவித்திரி

அது ஆங்கில விதி அக்கா, ராஜா ஒரு கட்டம்தான் நகரும். தூரத்திலிருந்து வெட்ட முடியாததால் இந்தப் பூட்டே விழாது. நகர வேண்டியவர் திணறும் எதிர்நிலை அங்கேயும் உண்டு, கணக்கு வேறு.
— கட்டம்64

b4-ல் இருந்திருந்தால் அவர் ஏன் a1-க்கு வரவேண்டும்? b2-c1 போகலாமே.
— பழைய ஆட்டக்காரன்

போகலாம். கோடு வெள்ளைக்கு, ஆனால் உடனடி வெற்றி கிடையாது.
— கட்டம்64

சரி, என் நிலையில் என்ன ஆடியிருக்க வேண்டும்?
— மூலைக்காய்

g7-f8. அதுவும் ராஜாதான். அவர் a1 எடுத்துக் கோட்டை வைத்துக்கொள்ளட்டும், உங்கள் ராஜாவுக்கு நகர இடம் உண்டு. டிரா என்றே படுகிறது.
— கட்டம்64

கோட்டையும் கொடுத்து a5 காயையும் காப்பாற்ற வேண்டும். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.
— பழைய ஆட்டக்காரன்