புதுப்பிப்பு: பிஎஃப்டி போட்டும் ஓஎஸ்பிஎஃப் 40 வினாடி காத்திருந்த சிக்கல்

நான் கேட்டது: "நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருப்பதால் எதிர்முனை அறுந்தாலும் போர்ட் அப்பிலேயே நிற்கிறது, இன்டர்ஃபேஸில் பிஎஃப்டி டைமர் வைத்தும் ஓஎஸ்பிஎஃப் 40 வினாடி காத்திருக்கிறது, ஏன்?"

எல்லோருக்கும் நன்றி. `show bfd neighbors` காலியா என்று கேட்டவர்தான் சரியாகப் பிடித்தார்: டைமர் மட்டும் செஷனை உருவாக்காது, ஓஎஸ்பிஎஃப் அதைக் கேட்க வேண்டும். இரு முனையிலும் இன்டர்ஃபேஸின் கீழ் இதைச் சேர்த்ததும் வந்துவிட்டது:

```
ip ospf bfd
```

ஹெல்லோவை 1 வினாடியாக்கும் யோசனையும் வேலை செய்தது, ஆனால் 4 வினாடிக்குக் கீழே இறங்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. முதலில் 50 மில்லிவினாடி, மூன்று தவறினால் டவுன் என்று வைத்திருந்தேன், ஒரு சுவிட்ச் பிஎஃப்டியை சிபியூவிலேயே கவனிப்பதால் கான்ஃபிக் சேமிக்கும்போதெல்லாம் செஷன் விழுந்தது. அப்புறம் அந்த முனையில் மட்டும் 300 ஆக்கினேன், மெதுவான பக்கத்துக்கே மற்றதும் இறங்கி வரும் என்பதால் அதுவே போதும். இப்போது ஃபைபரைப் பிடுங்கினால் 1 வினாடிக்குள் பாதை மாறுகிறது.

பிஜிபிக்குக் கேட்டவருக்கு: அதை நான் இன்னும் சோதிக்கவில்லை.