பில் அடிக்கிறது, கல்லா திறக்க மாட்டேன் என்கிறது

மாலைக்கடை: பழைய பில் பிரிண்டர் போய்விட்டது, நேற்றுப் புதிது வைத்தேன். பில் அழகாக வருகிறது, பேப்பரும் வெட்டுகிறது. ஆனால் கல்லா திறக்கவில்லை, சத்தம்கூட இல்லை. சாவி போட்டால் திறக்கிறது. பில்லிங் பிரவுசரில் ஓடுகிறது. பழைய ஒயர் மாற்றும்போது பிய்ந்துவிட்டதால் வீட்டில் கிடந்த டெலிபோன் ஒயரைப் போட்டிருக்கிறேன். தப்பு எங்கே?

ஒயர்மேன்24: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டெலிபோன் ஒயர்தான் தப்பு. அதில் நாலு கம்பி, கல்லாவுக்கு ஆறு கம்பி வேண்டும். நாலு கம்பியில் எந்தக் கல்லாவும் திறக்காது. ஆறு கம்பி ஒயர் வாங்கிப் போடுங்கள், முடிந்தது.

ரசீதுராணி: முடியாது அண்ணா. ஒயர் மேல் எனக்கும் சந்தேகம்தான், ஆனால் காரணம் அது இல்லை. கல்லாவைத் திறக்கும் காயிலுக்கு இரண்டே கம்பி போதும். பெரும்பாலான பில் பிரிண்டர்களில் நாலாவது பின்னில் 24 வோல்ட் எப்போதும் நிற்கும். இரண்டாவது பின்னை பிரிண்டர் ஒரு நொடிக்குள் தரையோடு சேர்த்து விடுவிக்கும், காயில் இழுக்கும், பூட்டு விடும். டெலிபோன் ஒயரில் இருப்பது நடுவில் உள்ள 2, 3, 4, 5. அதாவது வேண்டிய இரண்டும் இருக்கின்றன. ஆகவே நேராகப் போகும் நாலு கம்பி ஒயரில் கல்லா திறக்கும். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற தகவல் மட்டும் வராது, அதற்கு ஆறாவது பின் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், டெலிபோன் ஒயர்களில் பாதிக்கு மேல் நேராகப் போவதில்லை, ஒரு முனைக்கு மறுமுனை தலைகீழ். மாலைக்கடை, இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். கொக்கி இரண்டிலும் ஒரே பக்கம், ஒயர் இரண்டிலும் கீழ்நோக்கி. இடமிருந்து வலம் நிறங்கள் ஒரே வரிசையா, கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்வரிசையா?

கடைசிபெஞ்ச்: எனக்கும் இதே தொல்லை! ராத்திரி கணக்கு ரிப்போர்ட் எடுத்தால்கூட கல்லா வந்து இடுப்பில் இடிக்கிறது. எப்படி நிறுத்துவது?

ஒயர்மேன்24: தம்பி, அவருக்குத் திறக்கவில்லை, உனக்குத் திறந்துகொண்டே இருக்கிறது. இதுவா அதே தொல்லை?

மாலைக்கடை: பார்த்தேன். ஒன்றில் கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள். இன்னொன்றில் மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு.

ரசீதுராணி: அப்படியென்றால் தலைகீழ்தான். பிரிண்டரின் 24 வோல்ட் கல்லாவின் மூன்றாவது பின்னுக்கு, அதாவது மூடி-திறப்பைச் சொல்லும் சுவிட்சுக்குப் போய் நிற்கிறது. காயிலுக்கு ஒன்றும் வரவில்லை, அதனால்தான் சத்தமே இல்லை. நாலு கம்பி என்பதால் தப்பித்தீர்கள். இதே தலைகீழ் ஆறு கம்பியில் இருந்திருந்தால், சுவிட்ச் இணையும் நேரத்தில் 24 வோல்ட் நேராகத் தரைக்குப் போயிருக்கும்.

புது ஒயர் வாங்கும்போது கடைக்காரரிடம் பிரிண்டரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் கம்பெனிக்கும் பின் வரிசை ஒன்றல்ல, பிளக் மட்டும் ஒன்றுபோல் இருக்கும். சொருகும்போது நெட்வொர்க் ஓட்டையில் சொருகிவிடாதீர்கள், சின்ன பிளக் அதிலும் உள்ளே போகும். பிரிண்டரை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

ஒயர்மேன்24: சரி, நாலு கம்பி விஷயத்தில் நான் சொன்னது பாதிதான். ஆனால் ஒயர்தானே தப்பு?

ரசீதுராணி: ஒன்று மட்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் பிரிண்டரையும் மாற்றியிருக்கிறாரே. புது டிரைவர் போட்டால் கல்லா அமைப்பு பெரும்பாலும் 'திறக்காதே' என்றுதான் வரும். பில்லை ஒதுக்கிவிட்டு, கல்லாவை மட்டும் தட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் என்றால் பிரிண்டரை `POS80` என்று ஷேர் செய்துவிட்டு, பவர்ஷெல்லில் முதல் இரண்டு வரி, சாதாரண கமாண்ட் ஜன்னலில் மூன்றாவது:

```
mkdir C:\temp
[IO.File]::WriteAllBytes("C:\temp\kick.bin",[byte[]](27,112,0,25,250))
copy /b C:\temp\kick.bin \\localhost\POS80
```

ஏற்கெனவே `temp` இருந்தால் முதல் வரி பிழை காட்டும், விட்டுவிடுங்கள். 27-ம் 112-ம் 'கல்லாவைத் தட்டு' என்ற கட்டளை. அடுத்த 0 என்றால் இரண்டாவது பின், 1 என்றால் ஐந்தாவது. 25 என்பது எவ்வளவு நேரம் தட்ட வேண்டும் என்பது, ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் கணக்கில் 50. கல்லா திறந்தால் ஒயரும் காயிலும் நலம், குற்றம் அமைப்பில். டக் என்று கேட்டும் திறக்காவிட்டால் இழுப்பறை எங்கோ இறுகியிருக்கிறது, அல்லது தட்டு போதவில்லை. சத்தமே இல்லாவிட்டால் 0-ஐ 1 ஆக்கி ஒருமுறை பாருங்கள்.

ஒயர்மேன்24: தட்டு போதாவிட்டால் 25-ஐ 255 ஆக்கிவிட வேண்டியதுதானே. நான் எல்லா இடத்திலும் அப்படித்தான் வைப்பேன்.

ரசீதுராணி: 255 என்றால் அரை நொடிக்கு மேல் காயிலில் மின்சாரம். கூட்ட நேரத்தில் அடுத்தடுத்துத் திறந்தால் காயில் சூடாகும், பிரிண்டரில் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரும் சூடாகும். 25-ஐ 50 வரை ஏற்றிப் பாருங்கள், அதற்கு மேல் தேவைப்பட்டால் தாழ்ப்பாளைத் துடைக்க வேண்டிய நேரம்.

ஒயர்மேன்24: பல வருஷமாக வைக்கிறேன், ஒன்றும் எரியவில்லை அம்மா.

மாலைக்கடை: நேரான ஆறு கம்பி ஒயர் போட்டேன். அந்தக் கட்டளை கொடுத்ததும் கல்லா துள்ளித் திறந்தது! ஆனால் பில் போட்டால் இன்னும் திறக்கவில்லை.

ரசீதுராணி: நினைத்ததுதான், இரண்டு தப்பு. பிரவுசரிலிருந்து பிரிண்ட் கொடுக்கும்போது பக்கம் படமாக டிரைவருக்குப் போகிறது. அந்த வழியில் பில்லிங் மென்பொருள் இந்த ஐந்து எண்களைச் சேர்த்து அனுப்ப முடியாது. பிரிண்டர் அமைப்பில் `Cash Drawer` என்ற பகுதியைத் தேடுங்கள், ஒன்றாவது கல்லாவைத் திறக்கும்படி வையுங்கள். அச்சுக்கு முன், பின் என்று இரண்டு இருந்தால் பின் என்பதை எடுங்கள்.

மாலைக்கடை: வைத்தேன், இப்போது பில் வெட்டியதும் திறக்கிறது. ஆனால் கார்டில் கொடுத்தாலும் திறக்கிறது, பழைய பில்லை மறுபடி அடித்தாலும் திறக்கிறது.

கடைசிபெஞ்ச்: இதைத்தானே நான் அப்போதே கேட்டேன்!

ஒயர்மேன்24: திறந்தால் என்ன? மூடிக்கொள்ளலாம். டிரைவரில் ஒரு டிக், நிம்மதி.

ரசீதுராணி: அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசு வாங்காத நேரத்தில் கல்லா திறந்தால், ராத்திரி பணம் குறையும்போது யாரைக் கேட்பீர்கள்? ஒரே பிரிண்டருக்கு இரண்டு பெயரில் டிரைவர் போடலாம், ஒன்றில் கல்லா உண்டு, ஒன்றில் இல்லை. ரொக்க பில் முதலாவதற்கு, மற்றதெல்லாம் இரண்டாவதற்கு. இல்லாவிட்டால் மென்பொருள்காரர்களிடம் கேளுங்கள், பிரிண்டரோடு நேராகப் பேசும் ஒரு சின்ன நிரலைக் கணினியில் போட்டால் ரொக்கத்துக்கு மட்டும் தட்ட முடியும்.

ஒயர்மேன்24: வேலைக்கு நிற்கிற பையன் ஒவ்வொரு பில்லுக்கும் பிரிண்டர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பானா? இரண்டாம் நாளே எல்லாம் ஒன்றில்தான் போகும்.

மாலைக்கடை: இரண்டு பெயர் வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் ஒன்று. ஆறு கம்பி போட்டதிலிருந்து மூடிய கல்லாவை 'திறந்திருக்கிறது' என்று பிரிண்டரோடு வந்த சோதனை நிரல் காட்டுகிறது. இது வேறு ஒயர் தப்பா?

ரசீதுராணி: ஒயராக இருக்காது. சில கல்லாக்களில் அந்தச் சுவிட்ச் எதிர்மாறாக இருக்கும், மூடினால் இணையும், சிலவற்றில் திறந்தால் இணையும். திறந்து வைத்துப் பாருங்கள், அப்போது 'மூடியிருக்கிறது' என்று மாறுகிறதா?

மாலைக்கடை: இப்போது கூட்டம். கடை சாத்தியதும் பார்த்துச் சொல்கிறேன்.