கடையை மூடிவிட்டு வேலைக்குப் போனபோது

கல்லடிக்காரன்
மட்டக்களப்பில் மரக்கறியும் மீனும் வீட்டுக்கே கொண்டு கொடுக்கும் ஆப் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து நடத்தினோம். 2022 ஓகஸ்டில் மூடினோம். சீவியில் ‘நிறுவுனர், தலைமை நிறைவேற்று அதிகாரி’ என்று போட்டு ஏழு இடத்துக்கு அனுப்பினேன், ஒருவரும் கூப்பிடவில்லை. ‘விநியோகப் பொறுப்பு, சொந்த வியாபாரம், நாளுக்கு 35 ஓடர்’ என்று மாற்றிய பிறகுதான் ஒரு விநியோகக் கம்பெனி அழைத்தது.

“ஏன் தம்பி மூடினீங்க?” என்றார் முகாமையாளர். பெட்ரோல் 470 ரூபாய்க்குப் போன கதையைச் சொன்னேன். “அதே பெட்ரோலிலதான் நாங்களும் ஓடினம்” என்று ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

ஒரு ஓடரின் வரவு செலவை அதில் எழுதினேன். சராசரி ஓடர் 1,400. அதில் எங்கள் பங்கு 140, கொண்டு கொடுக்கும் கட்டணம் 100, மொத்தம் 240. ஓடும் பையனுக்கு 250, பை, ஐஸ் 40. ஓடருக்கு 50 ரூபாய் நட்டம், அதுவும் பெட்ரோல் ஏறுவதற்கு முன்னமே. “எப்ப தெரிஞ்சது?” “2021 ஒக்டோபரில.” அப்புறம் காத்தான்குடி, ஆரையம்பதி ஓடர்களை ஒரே சுற்றில் போட்டு பையனின் செலவை 190க்கு இறக்கியதைச் சொன்னேன். ஓடருக்குப் பத்து ரூபாய் மிஞ்சியது, அதைத்தான் பெட்ரோல் தின்றது. தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வேலை கிடைத்தது, கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை.

அக்கரைப்பற்று மச்சான்
இதெல்லாம் எதுக்கு? ‘பகுதிநேர வேலை செய்தேன்’ என்று போட்டால் போதும். தோத்த கதையை ஆர் கேக்கிறான்?

ஓய்வுபெற்ற அண்ணர்
நீங்கள் சொல்வதில் பாதி சரி, பட்டத்தைச் சிறிதாக்குவது நல்லது. மூன்று பேர் கம்பெனிக்குத் தலைமை அதிகாரி என்றால் இவன் மேலாளர் சொல்லைக் கேட்பானா என்றுதான் யோசிப்போம். ஆனால் மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். கல்முனையில் ஆள் எடுத்த காலத்தில் பிரதேச செயலகப் பதிவுப் பத்திரம் கேட்பேன், வங்கிக் கூற்று கேட்பேன், பொருள் கொடுத்த ஒருவருக்குப் போன் போடுவேன். இன்னொன்று, ‘நாலு ஊழியர் வைத்திருந்தேன்’ என்று எழுதினால் அடுத்த கேள்வி, “ஈபிஎஃப் 12 வீதம் கட்டினீங்களா?” ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காசு வாங்கிய பையன்கள் என்றால் அப்படியே எழுதுங்கள்.

ஏறாவூர் தங்கச்சி
எனக்கும் தையல் கடை மூடினது. பதிவை எப்படி நீக்குகிறது? பிரதேச செயலகத்தில் மூன்று தரம் அலைந்திட்டேன்.

கல்லடிக்காரன்
தங்கச்சி, நானும் இன்னும் நீக்கவில்லை. அண்ணர், பையன்களை ஊழியர் என்றுதான் போட்டிருந்தேன், நல்லவேளை கேட்கவில்லை. “திரும்ப சொந்தமாத் தொடங்குவீங்களா?” என்று முகாமையாளர் கேட்டார், “இப்ப இல்ல” என்றேன். அது சரியான பதிலா?

ஓய்வுபெற்ற அண்ணர்
‘இப்ப’ என்றதை அவர் கவனித்திருப்பார். நானாக இருந்தால் இரண்டு வருடம் நிற்பீர்களா என்று கேட்டிருப்பேன்.

அக்கரைப்பற்று மச்சான்
‘இனி வேணாம் சேர்’ என்று சொல்லியிருக்கலாமே.

கல்லடிக்காரன்
சொல்ல வாய் வரவில்லை மச்சான்.