நான்கு பேர் எழுதிய குறிப்பை ஒரே பக்கத்தில் எப்படி அடுக்குகிறீர்கள்?

முதியோர் பிரிவில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

82 வயது அம்மா ஒருவர், இரண்டு முறை விழுந்திருக்கிறார். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 19 விநாடி என்று பிசியோ தாளில் இருக்கிறது. 12 விநாடி ஆனாலே விழும் அபாயம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். நர்ஸ் குறிப்பில், படுத்திருந்தபோது மேல் ரத்த அழுத்தம் 142, எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் 116. நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 19. மருந்துச் சீட்டில், தூக்கத்துக்கென்று என்றோ ஆரம்பித்த அமிட்ரிப்டிலின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் நான்கு கட்டம் போட்டு நிரப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் முக்கியமான விஷயம் காணாமல் போய்விட்டது. அந்த ஒரு மாத்திரையே நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும், நினைவையும் மந்தமாக்கும். எந்தக் கட்டத்திலும் இது தெரியவில்லை. இப்போது, "அமிட்ரிப்டிலின் தேவையா? மெல்லக் குறைக்கலாமா?" என்று பக்கத்தின் உச்சியில் எழுதி, மற்றதைக் கீழே வைத்திருக்கிறேன்.

அப்புறம் நினைவாற்றல் சோதனையின் அந்த 19. சோதனை நடந்த அன்று அவருக்குச் சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல். காது மெஷினும் போட்டிருக்கவில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்ததால் தெரிந்தது. எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் அடுத்து படிப்பவர் மறதி நோய் என்றே முடிவு கட்டிவிடுவார்.

இப்படிப்பட்ட மதிப்பெண்ணை நீங்கள் காரணத்தோடு எழுதுகிறீர்களா, அல்லது "மறுசோதனை தேவை" என்று மட்டும் போட்டுவிடுகிறீர்களா? நீங்கள் பயன்படுத்தும் படிவம் இருந்தால், நோயாளி விவரம் நீக்கிப் பகிருங்கள்.