‘லாஸ்ட் ஹிட்’டுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

கும்பகோணத்திலிருந்து:
வணக்கம். குழு அரங்கக் கணினி விளையாட்டுகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறோம். லேனுக்குத் ‘தடம்’, மினியனுக்குச் ‘சிற்றாள்’, வேவுக்கு ‘அலை’ என்று வைத்தாயிற்று. லாஸ்ட் ஹிட்டில் வந்து நிற்கிறோம். ‘கடைசி அடி’ என்றால் ஆட்டம் முடியும் நேரத்து அடி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள்.

மன்னார்குடியிலிருந்து:
‘காசடி’ எப்படி அண்ணா? சிற்றாளைச் சாகடிக்கும் அடிக்குத்தானே தங்கம்! அலையை வேகமாக அடித்துத் தள்ளத் தள்ள வரவும் கூடும்.

தஞ்சாவூரிலிருந்து:
முதல் பாதி சரி தம்பி. ஆனால் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் தொடக்கத்தில் அரை நிமிடத்துக்கு ஓர் அலைதான். முறைத் தண்ணீர் மாதிரி, நாம் அவசரப்பட்டால் அடுத்தது முன்னால் வந்துவிடாது. வேகமாகத் தள்ளினால் எதிரியின் கோபுரத்துப் பக்கம் போய் நிற்போம். அங்கே நம்மைச் சுற்றி வளைப்பது சுலபம். தள்ளிவிட்டு வேறு தடத்துக்கு உதவப் போவதென்றால் அது வேறு கணக்கு.

வரவைப் பாருங்கள். அலையில் முன்னால் வரும் மூன்று சிற்றாள்கள் ஆளுக்கு 21 தங்கம், பின்னால் நின்று எய்யும் மூவர் ஆளுக்கு 14. பீரங்கிச் சிற்றாள் வராத அலைக்கு 105. அப்படி மூன்று அலையை முழுதாக எடுத்தால் 315. எதிரி வீரனைக் கொன்றால் வழக்கமாகக் கிடைப்பது 300.

‘காசடி’யில் ஒரு சிக்கல். டோட்டா 2-இல் உயிர் பாதிக்குக் கீழே போன நம் பக்கத்துச் சிற்றாளை நாமே அடித்து முடிக்கலாம். அது காசுக்காக அடிப்பதில்லை, எதிரிக்குக் காசு போகாமல் தடுக்கத்தான். அடி அதே அடிதான். அதனால் ‘முடிப்படி’ என்பேன்.

திருவாரூரிலிருந்து:
குறுக்கே கேட்கிறேன், மன்னியுங்கள். என் மகன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறான், தங்கம் மட்டும் சேரவில்லை என்கிறான். நெட் மெதுவாக இருப்பதாலா?

தஞ்சாவூரிலிருந்து:
அதுவும் இருக்கலாம் அம்மா. தாமதம் இருந்தால் அடி பிந்தி விழும். ஆனால் ஓயாமல் அடிப்பதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு அடித்தோம் என்பதற்குக் காசு இல்லை. சிற்றாளின் உயிர் தன் ஒரே அடிக்குள் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். ஸ்கோர் பலகையில் தன் சிற்றாள் எண்ணிக்கையை எதிரே நிற்பவனோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

நம் கோபுரத்தடியில் அலை வந்துவிட்டால் அடிபடாத முன்வரிசை ஆளை கோபுரம் இரண்டு முறை சுடட்டும், அப்புறம் நாம் ஒன்று. எய்பவனுக்கு நாம் ஒன்று, கோபுரம் ஒன்று, மறுபடி நாம் ஒன்று. தொடக்க நிமிடங்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும். தவறினால் கோபுரமே கொன்றுவிடும். அனுபவப் புள்ளி கிடைக்கும், தங்கம் கிடைக்காது.

மன்னார்குடியிலிருந்து:
அப்போது கோபுரம் அடித்ததும் முடிப்படிதானே அண்ணா? ‘கொல்லடி’ என்றாலும் இதே கேள்வி வரும்.

கும்பகோணத்திலிருந்து:
நல்ல கேள்வி. கையேட்டில் இப்போதைக்கு ‘முடிப்படி’ என்று போடுகிறேன், வீரன் அடிப்பதற்கு மட்டும். கோபுரம் கொல்வதற்குத் தனிச்சொல் யாராவது சொல்லுங்கள்.